30 நாள் தமிழ்99 பழகுன வீடியோ: தினமும் எடுக்கலாமா, டெஸ்ட் மட்டும் எடுக்கலாமா, கடைசில உக்காந்து பேசலாமா

30 நாள் தமிழ்99 கீபோர்டுல கையப் பாக்காம டைப் பண்ணப் பழகிட்டு அதை ஒரு வீடியோவா போடணும்னு நினைச்சேன். பழகுறது ஒரு வேலைன்னா அந்த 30 நாளை எப்படிக் காட்டுறதுன்னு முடிவு பண்றது தனி வேலையா இருந்துச்சு. எனக்கு முன்னாடி மூணு வழி இருந்துச்சு. தினமும் கேமரா வெச்சு எடுத்து எல்லாத்தையும் ஒட்டுறது, இல்லன்னா குறிப்பிட்ட நாள்ல மட்டும் ஒரே மாதிரி டெஸ்ட் வெச்சு அதை மட்டும் காட்டுறது, இல்லன்னா 30 நாள் முடிஞ்சதும் கேமரா முன்னாடி உக்காந்து நடந்ததை சொல்றது. மூணையும் கொஞ்சம் கொஞ்சம் செஞ்சு பாத்துட்டேன். அதனால எது எதை மறைக்குதுன்னு என்னால சொல்ல முடியும்.

தெரியாதவங்களுக்கு முதல்ல கீபோர்டைப் பத்தி சொல்லிடுறேன், இது இல்லாம மீதி புரியாது. தமிழ்99ங்கிறது 1999ல தமிழ்நாடு அரசு அங்கீகரிச்ச அமைப்பு. உயிரெழுத்து எல்லாம் இடது கைப் பக்கம், மெய்யெழுத்து கிட்டத்தட்ட எல்லாம் வலது கைப் பக்கம், வ-வும் ங-வும் மட்டும் இடது கை ஆள்காட்டி விரலுக்கு வரும். `a` தட்டுனா அ, `s` தட்டுனா இ, `h` தட்டுனா க, `k` தட்டுனா ம, புள்ளி `f`ல இருக்கு. ஒரே மெய்ய ரெண்டு தடவை தட்டுனா முதல் எழுத்துக்கு அதுவே புள்ளி வெச்சுக்கும், ந-வுக்கு அப்புறம் த தட்டுனா ந்த ஆயிடும். அதனால பந்து அடிக்க நாலு தட்டு போதும், `j` `;` `l` `d`, அவ்வளவுதான். நம்மள்ல நிறைய பேரு பண்ற மாதிரி ஆங்கில எழுத்துல அடிச்சு தமிழ் வர வைக்கிற முறையில அதுக்கே ஆறு தட்டு, `pandhu`. நான் எட்டு வருஷமா அந்த முறையிலதான் அடிச்சிட்டு இருந்தேன். ஆபீஸ்ல பகல் பூரா அதுலதான் வேலை, இது பின்னாடி பெரிய பிரச்சனையா வந்துச்சு.

முதல் வழி, தினமும் எடுக்குறது. இதுதான் பாக்க ஆசையா இருக்கும், 30 நாள் 30 துண்டு, சட்டை மாறும் கை வேகமாகும், பாக்குறவங்களுக்கும் ஒரு பயணம் மாதிரி தெரியும். நான் முதல் ஆறு நாள் இப்படித்தான் எடுத்தேன். தினம் 20 நிமிஷம் பயிற்சி, முழுசா போன்ல ரெக்கார்டு. 1080p-ல எடுத்தா நிமிஷத்துக்கு சுமாரா 130 எம்பி போகுது, 20 நிமிஷத்துக்கு 2.6 ஜிபி, 30 நாளைக்குக் கணக்குப் போட்டா 78 ஜிபி, என் போன்ல அவ்வளவு இடமே கிடையாது. சரி, தினமும் நல்ல ஒரு துண்டை மட்டும் வெட்டி வெச்சிட்டு மீதியை அழிச்சிடலாம்னு ஆரம்பிச்சேன். தப்பு அங்கதான் நடந்துச்சு.

நாலாவது நாள் ராத்திரி துண்டு வெட்டும்போதுதான் கவனிச்சேன், 20 நிமிஷத்துல நான் எடுத்து வெச்சது ஒரு 25 செகண்டு, அதுல ஒரு பேக்ஸ்பேஸ் கூட இல்ல. அந்த 25 செகண்டை வெச்சு வேகம் கணக்குப் போட்டா நிமிஷத்துக்கு 30 எழுத்துக்கு மேல வருது, ஆனா அன்னைக்கு முழு நிமிஷமா எடுத்து எண்ணிப் பாத்தா 19தான். வேணும்னு பண்ணல, நல்லா இருக்குற துண்டைத் தேடும்போது கண்ணு தானா தப்பில்லாத இடத்துலதான் நிக்குது. 30 நாளும் இதையே பண்ணியிருந்தா வீடியோவுல ஒரு நாள் கூட நான் தடுமாறுன மாதிரி இருக்காது, ஆனா அத்தனை துண்டும் உண்மையா எடுத்ததா இருக்கும். அதனால ஏழாவது நாள் நிறுத்திட்டேன். உடம்பு அசைவு முக்கியமா இருக்குற விஷயத்துக்கு, நீச்சல், சிலம்பம், கோலம் மாதிரி, தினத் துண்டுக்கு மதிப்பு இருக்குன்னு நினைக்கிறேன், ஏன்னா கை கால் நிலை மாறுறது அதுலயே தெரியும். டைப்பிங்ல விரல் அசைவைப் பாத்தா யாருக்கும் ஒண்ணும் புரியாது, என்ன எழுத்து வந்துச்சுங்கிறதுதான் விஷயம்.

மூணாவது வழிய இப்பவே சொல்லிடுறேன், அது சீக்கிரம் முடிஞ்சிடும். 30ஆவது நாள் முடிஞ்சதும் நோட்டைத் திறக்காம 12 நிமிஷம் பேசி ரெக்கார்டு பண்ணேன், அப்புறம் நோட்டோட ஒத்துப் பாத்தேன். (தினம் ராத்திரி ஒரே ஒரு வரி எழுதி வெச்சிருந்தேன், அந்த நோட்டு இல்லன்னா இந்த கட்டுரையே கிடையாது.) "ரெண்டாவது வாரம் கொஞ்சம் ஸ்லோ ஆச்சு, அப்புறம் சரியாயிடுச்சு"ன்னு பேசியிருக்கேன். நோட்டுல 14லேர்ந்து 18 வரைக்கும் அஞ்சு நாள் வரிசையா "இன்னைக்கும் வரல", "வேண்டாம்னு தோணுது"ன்னு இருக்கு. சுண்டு விரல் வலி முதல் வாரம்னு சொல்லியிருக்கேன், நோட்டுல 11ஆவது நாள். பொய் சொல்லணும்னு யாரும் நினைக்கிறதில்ல, ஜெயிச்சதுக்கு அப்புறம் பேசும்போது தோத்த நாளெல்லாம் சின்னதாயிடுது. பேச்சு மட்டும் உள்ள வீடியோவுல அதைச் சரி பாக்க பாக்குறவங்களுக்கு வழியே இல்ல. அதனால பேச்சை விளக்கம் சொல்ல மட்டும் வெச்சுக்கலாம், அதையே ஆதாரமா வெக்க முடியாது.

ஆக நான் எடுத்தது ரெண்டாவது வழி. 1, 10, 17, 20, 30 இந்த நாள்கள்ல ஒரு நிமிஷ டெஸ்ட், வெட்டாம முழுசா, ஸ்கிரீன் ரெக்கார்டிங் ஒரு பக்கம், மேலேருந்து கையைக் காட்டுற போன் இன்னொரு பக்கம். 17 திட்டத்துலயே இல்ல, நிலைமை மோசமா போச்சுன்னு நடுவுல சேத்தது. டெஸ்ட் வழின்னு முடிவு பண்ணதும் வேலை முடிஞ்சிடும்னு நினைக்காதீங்க, எதை வெச்சு டெஸ்ட் பண்றதுங்கிறதுலதான் மறுபடி மூணு நாலு முடிவு காத்திருக்கு. இதுல தப்புப் பண்ணா முதல் வழியை விட மோசமா ஏமாத்தும், ஏன்னா இதுல நம்பர் இருக்கு, நம்பர்னா எல்லாரும் நம்பிடுவாங்க.

முதல் முடிவு, எதை எண்ணுறது. ஆங்கில டைப்பிங்ல வழக்கமா அஞ்சு கேரக்டரை ஒரு வார்த்தைன்னு வெச்சு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தைன்னு சொல்லுவாங்க. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டு வந்தா சிக்கல். வணக்கம்ங்கிறதுல நம்ம கண்ணுக்கு அஞ்சு எழுத்து, கம்ப்யூட்டர் புள்ளியைத் தனியா எண்ணி ஏழுன்னு சொல்லும். சரி, எத்தனை தட்டுன்னு எண்ணலாம்னா அது இன்னும் தப்பு, தமிழ்99ல வணக்கம் ஆறு தட்டு, ஆங்கில வழியில `vaNakkam` எட்டு தட்டு, நடுவுல ஷிப்ட் வேற. தட்டை எண்ணுனா அதிகமா தட்டுற முறைதான் வேகம் மாதிரி தெரியும். நான் ரெண்டு கீபோர்டையும் ஒப்பிட்டுக் காட்டணும்னு நினைச்சதால, சரியா வந்த தமிழ் எழுத்து நிமிஷத்துக்கு எத்தனை, இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். கையால எண்ண வேண்டியதில்ல, அடிச்சதை `test.txt`னு சேமிச்சிட்டா, புள்ளியையும் கொம்பு கால் எல்லாத்தையும் விட்டுட்டு எழுத்தை மட்டும் எண்ண பைத்தான்ல மூணு வரி போதும்:

```
import unicodedata as u
s = open("test.txt", encoding="utf-8").read()
print(sum(u.category(c) == "Lo" for c in s))
```

இதுல வர்ற எண்ணிக்கையிலேர்ந்து தப்பா நின்ன எழுத்தைக் கழிச்சா உங்க கணக்கு. கூடவே பேக்ஸ்பேஸ் எத்தனை தடவைன்னு ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைப் பாத்து எண்ணி எழுதிக்குங்க, ஏன்னு கீழ வருது.

ரெண்டாவது முடிவு, எந்தப் பத்தியை அடிக்கிறது. எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது இதுதான், 30 நாள் வீடியோ நிறைய பாத்திருக்கேன், பெரும்பாலும் இந்த இடத்துலதான் வளர்ச்சி பெருசா தெரியுது. முதல் நாள் அடிச்ச அதே பத்தியை 30ஆவது நாளும் அடிச்சா பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்ட அழகா இருக்கும், நியாயமாவும் தோணும், ஒரே பத்திதானே. ஆனா விரல் அந்தப் பத்தியை மனப்பாடம் பண்ணிடும். 20ஆவது நாள் இதை சோதிக்க, பேப்பரைக் கவுத்து வெச்சிட்டு அடிச்சுப் பாத்தேன், முதல் ரெண்டு வரி ஒரு தப்பில்லாம வந்துச்சு. அது கீபோர்டு பழகுனது கிடையாது, ஒரு பாட்டை மட்டும் வாசிக்கத் தெரிஞ்ச மாதிரி.

இப்படி ஆகும்னு நினைச்சுதான் முதல் நாள்லேர்ந்தே ஒவ்வொரு டெஸ்ட் நாளும் ரெண்டு பத்தி அடிச்சேன், ஒண்ணு பழைய பத்தி, ஒண்ணு அன்னைக்குத்தான் முதல் முதலா பாக்குற செய்தித்தாள் பத்தி. முதல் நாள் பழசு 13, புதுசு 12. பத்தாவது நாள் பழசு 41, புதுசு 29. முப்பதாவது நாள் பழசு 84, புதுசு 57. பழைய பத்தியை மட்டும் காட்டியிருந்தா ஆறு மடங்குக்கு மேல வளந்துட்டேன்னு தலைப்பு வெச்சிருக்கலாம். உண்மையில என் கை எவ்வளவு பழகியிருக்குன்னு சொல்றது 57தான். ரெண்டையும் காட்டுறதுன்னு முடிவு பண்ணேன், பழசு பெருசா தெரியும் இடத்துல புதுசையும் அதே சைஸ் எழுத்துல போட்டேன்.

புதுப் பத்தியிலயும் ஒரு ஓட்டை இருக்கு, நான் அதுல விழுந்தேன். 17ஆவது நாள் எடுத்தது கிரிக்கெட் செய்தி, வரிக்கு வரி ஸ, ஜ, ஷ. தமிழ்99ல இந்த எழுத்தெல்லாம் ஷிப்டோட சேத்து இடது கைப் பக்கம் மேல் வரிசையில இருக்கு, நான் அதுவரைக்கும் அதைப் பழகவே இல்ல. அன்னைக்கு 24 வந்துச்சு. பத்தியோட குத்தமா என் குத்தமான்னு தெரியணும்னு மறுநாள் விவசாயத்தைப் பத்தின ஒரு சாதாரண பத்தியை அடிச்சேன், 26. அப்ப சரிவு உண்மைதான், கிரிக்கெட்டால கொஞ்சம் கூடத் தெரிஞ்சிருக்கு. நீங்க செய்யும்போது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வீட்ல யாரையாவது விட்டு ஒரே மாதிரி அஞ்சு பத்தி எடுத்து கவர்ல போட்டு வெக்கச் சொல்லிடுங்க, அன்னன்னைக்கு ஒண்ணைப் பிரிச்சா போதும்.

மூணாவது, எத்தனை டேக். கேமரா ஓடுதுன்னு தெரிஞ்சா என் கை ஸ்லோ ஆகுது, இது எல்லாருக்கும் இருக்கும்னு நினைக்கிறேன். அதுக்காக 30ஆவது நாள் மட்டும் மூணு தடவை எடுத்து நல்லதைப் போட்டா முதல் நாளுக்கு அநியாயம், அன்னைக்கு ஒரு டேக்தானே எடுத்திருப்போம். அதனால பழைய பத்தின்னா எல்லா நாளும் மூணு டேக், நடு நம்பர். புதுப் பத்திக்கு ஒரே டேக்தான், ரெண்டாவது தடவை அடிச்சா அது புதுசு இல்ல.

இப்ப சரிவு. 10ஆவது நாள் 29ல இருந்தவன் 17ல 24க்கு வந்தேன். வீடியோவுல இதை எப்படி வெக்கிறதுங்கிறதுக்கும் ரெண்டு வழி இருந்துச்சு. ஒரு கோட்டுப்படம் போட்டு இங்க இறங்குச்சு பாருங்கன்னு ரெண்டு செகண்டுல தாண்டிடலாம். இல்லன்னா அந்த நிமிஷத்தை முழுசா ஓட விடலாம். நான் ஓட விட்டேன், ஏன்னா கோடு இறங்குறதைப் பாத்தா யாருக்கும் எதனாலன்னு தெரியாது, ஸ்கிரீனைப் பாத்தா தெரியும்.

அந்த நிமிஷத்துல நான் பணம்னு அடிக்கணும். ஸ்கிரீன்ல வந்தது ண்ணம். பாக்க என்னமோ கண்டபடி தட்டுன மாதிரி இருக்கும், ஆனா அதுல ஒழுங்கு இருக்கு. தமிழ்99ல பணம்னா `j` `p` `k` `f`. என் மூளை ப-ன்னு நினைச்சதும் எட்டு வருஷப் பழக்கத்துல விரல் `p`க்குப் போயிடுச்சு, அங்க இருக்குறது ண. அடுத்து உண்மையான ண-வுக்கு மறுபடி `p`. ண ரெண்டு தடவை வந்ததும் முதலுக்குப் புள்ளி தானா விழுந்துடுச்சு, ண்ணம் ஆயிடுச்சு. அதே நிமிஷத்துல கடை மடை ஆச்சு, ஏன்னா க-வுக்கு விரல் `k`க்குப் போச்சு, அங்க ம. அப்ப இது புதுசை மறந்ததால வந்த தப்பு இல்ல, பழசு உள்ள புகுந்த தப்பு. 14ஆவது நாள்தான் மேஜைல ஒட்டியிருந்த கீபோர்டு படத்தைக் கிழிச்சேன், படம் இருந்த வரைக்கும் கண்ணு வழி காட்டிச்சு, அது போனதும் விரலுக்குத் தெரிஞ்ச ஒரே வழி பழைய வழிதான். பகல்ல ஆறு மணி நேரம் ஆங்கில முறை, ராத்திரி 20 நிமிஷம் தமிழ்99, எது ஜெயிக்கும். அன்னைக்கு பேக்ஸ்பேஸ் 21, பத்தாவது நாள் 9தான். வேகம் குறைஞ்சதை விட இந்த 21தான் விஷயத்தை சொல்லுது, கை மெதுவாகல, தப்பா வேகமா போச்சு.

வேற ஒரு விதத் தப்பும் இருக்கு, பாத்தா பிரிச்சு சொல்லிடலாம். நான் போட்டிருந்த கீபோர்டுல நதின்னு அடிக்க ந, த, இ தட்டுனா ந்தின்னு வரும், தானா விழுற புள்ளியால. நடுவுல அ தட்டணும், `;` `a` `l` `s`. பப்பாளிக்கும் முதல் ப-வுக்கு அப்புறம் அ வேணும். இது விதியை மறக்குற தப்பு, ரெண்டு நாள்ல போயிடும். முதல் வகை அப்படிப் போகாது. வீடியோவுல தப்பைக் காட்டும்போது எந்த வகைன்னு சொன்னாதான் பழகுறவங்களுக்கு உபயோகம், சும்மா "இங்க தடுமாறினேன்"னா ஒண்ணும் இல்ல.

சரி பண்ணது எப்படின்னா, 18லேர்ந்து மூணு நாள், சீரா தாளம் போடுற மெட்ரோனோம் ஆப் வெச்சு நிமிஷத்துக்கு 40 தட்டு, ஒரு அடிக்கு ஒரு விசை, அதுக்கு மேல வேகம் கிடையாது. முதல் நாள் கை துடிச்சுச்சு, அவ்வளவு மெதுவா போக பொறுமை இல்ல. ஆனா விரல் தப்பான பக்கம் கிளம்பும்போதே நிறுத்த நேரம் கிடைச்சுச்சு. 20ஆவது நாள் புதுப் பத்தி 36, பேக்ஸ்பேஸ் 10. இந்த மூணு நாளையும் வீடியோவுல 40 செகண்டுதான் வெச்சிருக்கேன், சரிவுக்கு ஒரு நிமிஷம். மேல ஏறுன கதையை நீட்டுனா சரிவு அதுக்கான முன்னுரை மாதிரி ஆயிடும்னு பயந்தேன்.

சுண்டு விரல் வலியையும் விடல. வலது கை சுண்டு விரலுக்கு ண, ந, ய, ச, ஞ, ழ ஆறு எழுத்து வருது. செய்யணும்னு ஒரு வார்த்தை அடிச்சுப் பாருங்க, எட்டு தட்டு, அதுல நாலு அந்த ஒரே விரல். 11ஆவது நாள் ராத்திரி மூட்டு வீங்குன மாதிரி இருந்துச்சு, 12 முழுக்க லீவு விட்டேன், அப்புறம் மணிக்கட்டைத் தூக்கி வெச்சு விரலை நீட்டாம கையையே நகத்தி `[` தொடப் பழகுனேன், வலி நின்னுச்சு. மேலேருந்து எடுத்த போன் வீடியோ உதவுன ஒரே இடம் இதுதான், மணிக்கட்டு மேஜைல ஒட்டி இருந்தது அதைப் பாத்துதான் எனக்கே தெரிஞ்சுச்சு.

கடைசியா ஒரு நம்பர், இதைப் போடுறதா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். பழைய ஆங்கில முறையில முதல் நாள் ஒரு டெஸ்ட் எடுத்து வெச்சிருந்தேன், புதுப் பத்தி, நிமிஷத்துக்கு 96. 30ஆவது நாள் அதே முறையில அடிச்சா 79. பழைய கையும் கெட்டுப் போயிருக்கு. ஆபீஸ்ல அந்த மாசம் ரெண்டு தடவை வேலை லேட்டாச்சு, ஏன்னு அப்பதான் புரிஞ்சுச்சு. 57 வந்துடுச்சுன்னு சொல்ற வீடியோவுல 79ஐயும் 96ஐயும் சொல்லலன்னா, பாக்குற ஒருத்தர் நாளைக்கே ஆபீஸ் கீபோர்டை மாத்திட்டு வேலையில மாட்டிக்குவாரு. அதனால 57 வந்த உடனே, அதே ஷாட்ல, கட் பண்ணாம பழைய முறை டெஸ்டையும் ஓட விட்டிருக்கேன். மொத்தம் ஒன்பது நிமிஷம் வருது, அதுல கடைசி ரெண்டு நிமிஷம் இதுதான்.